பத்து நிமிடப் பெற்றோர் சந்திப்பு: நிறைக்கும் குறைக்கும் நேரம் பிரிப்பது எப்படி?

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் என்று பள்ளி ஒதுக்கிக் கொடுத்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஏழெட்டு நிமிடம் நல்லவிதமாகவே பேசிவிட்டு, அடுத்த பெற்றோர் வாசலில் வந்து நிற்கும்போது "அப்புறம், ஒரு சின்ன விஷயம்..." என்று இருப்பதிலேயே முக்கியமான விஷயத்தை அவசரமாகச் சொல்லி அனுப்புவது ஒன்று. உட்கார்ந்ததுமே மதிப்பெண் பட்டியலைப் பிரித்து வைத்து, எங்கெங்கே குறைந்தது என்று ஆரம்பித்து, அவர்கள் எழும்போது "மத்தபடி நல்ல பையன்தான்" என்று முடிப்பது இன்னொன்று. முதல் குடும்பத்துக்குப் பிரச்சினை என்னவென்றே புரிந்திருக்காது. இரண்டாவது வீட்டில் அன்று ராத்திரி பிள்ளைக்குத் திட்டு விழும், அதைத் தவிர வேறொன்றும் மாறாது.

இரண்டுமே நல்ல மனதோடு செய்கிற காரியம்தான். பிள்ளையிடம் உள்ள நல்லதற்கும், கவலை தருகிற விஷயத்துக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்காததுதான் கோளாறு. ஒதுக்காவிட்டால் எது முதலில் வருகிறதோ அது மொத்த நேரத்தையும் தின்றுவிடும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

முதலில் ஒரு கணக்கு. பெற்றோர் உள்ளே வந்து உட்காருவது, எழுந்து போவது, நீங்கள் அடுத்த பிள்ளையின் நோட்டை எடுப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் போய்விடும். ஆக, பேசக் கிடைப்பது ஒன்பது நிமிடம். நான் அதை இப்படிப் பிரிப்பேன்: வரவேற்க அரை நிமிடம், பெற்றோர் பேச இரண்டு நிமிடம், பிள்ளையின் பலத்துக்கு இரண்டு நிமிடம், கவலைக்கு மூன்று நிமிடம், இனி என்ன செய்யலாம் என்பதற்கு ஒன்றரை நிமிடம். நொடி பிசகாமல் நடக்க வேண்டிய அட்டவணை இல்லை இது, ஆனாலும் ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருங்கள்: ஐந்தாவது நிமிடம் தொடும்போது கவலையை வாயெடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் பெற்றோர் அதிர்ச்சியிலிருந்து மீண்டு கேள்வி கேட்கக்கூட நேரம் இருக்காது. கடிகாரத்தை அவர்கள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தால் "சீக்கிரம் கிளம்பு" என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு சந்திப்பு மூன்று நிமிடம் நீண்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஐந்து சந்திப்புகள் அப்படி நீண்டால் ஆறாவது பெற்றோர் கால் மணி நேரம் காத்திருந்து, எரிச்சலோடு உள்ளே வருவார், அவரிடம் நீங்கள் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும் எடுபடாது. அதனால் ஐந்து குடும்பத்துக்கு ஒரு முறை பத்து நிமிடத்தைக் காலியாக விட்டு அட்டவணை போடுங்கள். இதற்குப் பள்ளி ஒத்துக்கொள்ளாது என்றால், குறைந்தது நடுவில் ஒரு இடைவெளியாவது கேட்டு வாங்குங்கள்.

பலம் என்றால் பாராட்டு வார்த்தை இல்லை

"நல்ல பிள்ளை", "சமத்து", "எல்லோரிடமும் அன்பாகப் பழகுவான்". இதெல்லாம் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லலாம், அது பெற்றோருக்கும் தெரியும். குறைக்கு மட்டும் நோட்டும் தேதியும் மதிப்பெண்ணும் காட்டிவிட்டு, நிறைக்கு வெறும் வார்த்தை சொன்னால், எது உண்மை, எது உபசாரம் என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். எனவே இரண்டுக்கும் ஒரே அளவு ஆதாரம் வேண்டும்: எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், எந்தத் தாளில் தெரிகிறது.

இரண்டு பாராட்டுக்கு நடுவில் ஒரு குறையைச் செருகிச் சொல்லும் சாண்ட்விச் முறையைப் பயிற்சியில் சிலர் சொல்லித் தந்திருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாராட்டு வந்ததுமே "அடுத்து என்ன வரப்போகிறது" என்று பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசியில் வருகிற பாராட்டோ நடுவில் சொன்ன குறையை மழுப்பிவிடும். பலத்தை முழுதாகச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், பெற்றோர் அதற்கு ஏதாவது சொல்ல இடம் கொடுங்கள். பிறகு கவலையைக் கவலையாகவே சொல்லுங்கள். அந்தக் கவலையைத் தீர்க்க அதே பலம் எப்படி உதவும் என்று காட்ட முடிந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இந்தச் சேர்க்கைதான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய விஷயம், அந்த நேரத்தில் வாயில் வராது.

அதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வையுங்கள். நான்கே வரி: பலம் ஒன்று, அதற்கு ஆதாரம், கவலை ஒன்று, அதற்கு ஆதாரம். ஒன்று என்றால் ஒன்றுதான். கையெழுத்து, வீட்டுப்பாடம், வகுப்பில் பேச்சு, தாமதமாக வருவது என்று நான்கு குறை இருந்தாலும், எது சரியானால் மற்றவற்றுக்கும் வழி பிறக்குமோ அதை மட்டும் எடுங்கள். மூன்று நிமிடத்தில் நான்கு குறை சொன்னால் அது புகார்ப் பட்டியல். பெற்றோர் அதிலிருந்து ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.

ஒரு சந்திப்பை முழுதாகப் பார்ப்போம்

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் வேகமாகவும் சரியாகவும் போடுவான். ஆனால் வாக்கியக் கணக்கு கொடுத்தால் தடுமாறுவான். அவனுடைய தாள் ஒன்றில் ஆறு வாக்கியக் கணக்குகள், நான்கு தப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் "கணக்கில் வீக்" என்று சொல்லிவிடலாம், சொல்லியும் விடுகிறோம். அந்தத் தாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு இது: அண்ணனிடம் 35 ஸ்டிக்கர் இருக்கிறது, அது தங்கையிடம் இருப்பதைவிட 12 அதிகம், அப்படியானால் தங்கையிடம் எத்தனை? பையன் 35 + 12 = 47 என்று எழுதியிருக்கிறான். கூட்டல் சரி. ஆனால் விடை 23. "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டான், யாரிடம் அதிகம் என்று படிக்கவில்லை. இன்னொன்று: 24 பென்சிலை 6 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? அதற்கு 24 + 6 = 30. இங்கேயும் கூட்டல் சரி. மீதி இரண்டு தப்பும் இதே ரகம்தான். அதாவது ஆறு கணக்கிலும் அவன் போட்ட கணக்கு சரி. நான்கில், போட வேண்டிய கணக்கையே மாற்றிப் போட்டிருக்கிறான். எண்களைப் பார்த்ததும் கை ஓடிவிடுகிறது, கதையைப் படிக்கப் பொறுமை இல்லை.

இப்போது பலமும் கவலையும் ஒரே தாளில் கிடைத்துவிட்டன. சந்திப்பு இப்படிப் போகலாம்.

அம்மா உள்ளே வருகிறார். மேசைக்கு எதிரெதிராக உட்காராமல், இருவரும் ஒரே தாளைப் பார்க்கிற மாதிரி மேசையின் மூலையில் நாற்காலியைப் போட்டிருக்கிறீர்கள். "வாங்கம்மா, உட்காருங்க. நமக்குப் பத்து நிமிஷம் இருக்கு. முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் அவன் நல்லாச் செய்யிற ஒண்ணு, கவனிக்க வேண்டிய ஒண்ணு ரெண்டையும் காட்டுறேன். கடைசியா என்ன செய்யலாம்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்." இவ்வளவுதான் வரவேற்பு. கவலை ஒன்று வரப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அவர் அதற்காகப் பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

அடுத்த இரண்டு நிமிடம் அவருடையது. "வீட்டில் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் "நல்லா இருக்கான் டீச்சர்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன பேசுவான்? எதைச் செய்யச் சொன்னா தள்ளிப்போடுவான்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிறார்: "கணக்குன்னா உடனே முடிச்சிடுவான் டீச்சர். ஆனா கேள்வி பெருசா இருந்தா மட்டும் என்கிட்ட கொண்டுவந்து, 'இது கூட்டலா, கழித்தலா, அதை மட்டும் சொல்லும்மா'ன்னு கேட்பான்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பெற்றோரை முதலில் பேச விடுகிறோம். நீங்கள் தாளில் பார்த்ததை அவர் வீட்டில் பார்த்திருக்கிறார். இனி நீங்கள் கவலையைச் சொல்லும்போது அது உங்கள் புகாராக இருக்காது, அவர் சொன்னதன் தொடர்ச்சியாக இருக்கும். அவர் சொன்ன சொற்களை அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், எழுதும்போது "நீங்க சொன்னதை எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். எதிரில் இருப்பவர் பேசாமல் எழுதிக்கொண்டே போனால் யாருக்கும் பயம் வரும்.

பிறகு பலம். தாளை அவர் பக்கம் திருப்புகிறீர்கள். "இந்த ஆறு கணக்கையும் பாருங்கம்மா. எது கூட்டல், எது பெருக்கல்னு நான் இப்ப பார்க்கலை. போட்டது சரியா, தப்பான்னு மட்டும் பாருங்க. ஒண்ணுகூடத் தப்பில்லை. விரல் விட்டு எண்ணலை, அடிச்சுத் திருத்தலை. இந்த வகுப்புல எதிர்பார்க்கிற கணக்குத் திறமை அவன்கிட்ட முழுசா இருக்கு." இங்கே நிறுத்த வேண்டும். அவர் தாளைப் பார்க்கட்டும், சிரிக்கட்டும், "ஆமா டீச்சர், வாய்ப்பாடு அவன் அப்பா சொல்லிக் கொடுத்தது" என்று ஏதாவது சொல்லட்டும். புதியவர்களுக்கு இந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், உடனே குறைக்குத் தாவிவிடுவார்கள். தாவினால் பலம் வெறும் முன்னுரையாகிவிடும்.

இப்போது நாலரை நிமிடம் ஆகியிருக்கும். "இனி நான் கவனிக்கச் சொல்றது இதுதான். இந்த ஸ்டிக்கர் கணக்கை நாம ரெண்டு பேரும் படிப்போம்." சேர்ந்து படிக்கிறீர்கள். 'அதிகம்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதைப் பார்த்ததும் கூட்டிட்டான். யார்கிட்ட அதிகம்னு இன்னொரு தடவை படிக்கலை. ஆறுல நாலு இப்படி ஆயிருக்கு. நீங்க சொன்னீங்களே, 'கூட்டலா, கழித்தலா, அதை மட்டும் சொல்லு'ன்னு கேட்பான்னு, அதுவும் இதுவும் ஒண்ணுதான்." கவனியுங்கள், "அவசரக்குடுக்கை", "கவனமே இல்லை", "சோம்பேறி" என்று எதுவும் சொல்லவில்லை. தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னீர்கள். பட்டம் சூட்டினால் பெற்றோர் ஒன்று மறுப்பார்கள், இல்லை அதையே வீட்டில் பையனுக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதே போல, கண் சரியில்லையோ, படிப்பதில் குறைபாடு இருக்குமோ என்றெல்லாம் நீங்களாக ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நீங்கள் பார்த்ததைச் சொல்லி, யாரிடம் காட்டலாம் என்று பள்ளியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னால் போதும்.

அம்மா கேட்கிறார்: "அப்ப தினம் பத்து கணக்கு எழுத வைக்கட்டுமா டீச்சர்?" நல்ல மனதோடு கேட்கிற கேள்வி, ஆனால் இந்தப் பையனுக்கு உதவாது. போடுவதில் அவனுக்குக் குறை இல்லையே. இந்த இடத்தில்தான் பலமும் கவலையும் சேர்கின்றன: போடத் தெரியும் என்பதால் வீட்டில் போட வைக்க வேண்டிய அவசியமே இல்லை, சொல்ல வைத்தால் போதும். "வாரத்துல மூணு நாள், ரெண்டே ரெண்டு கணக்கு. பென்சிலைக் கையில குடுக்காதீங்க. கேள்வியைப் படிச்சிட்டு, எண்களையெல்லாம் விட்டுட்டு, என்ன நடக்குதுன்னு கதையாச் சொல்லச் சொல்லுங்க. 'அண்ணன்கிட்ட ஸ்டிக்கர் இருக்கு, தங்கச்சிகிட்ட அதைவிடக் குறைவா இருக்கு' அப்படின்னு சொல்லிட்டான்னா அப்புறம் பென்சில். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்." வகுப்பில் நீங்கள் செய்யப்போவதையும் சொல்லுங்கள்: எண்களை மறைத்த கேள்வியை முதலில் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொன்ன பிறகு எண்களைத் தருவது. பெற்றோருக்கு மட்டும் வேலை கொடுத்து அனுப்பினால் "உன் பிள்ளை, உன் பாடு" என்று சொன்ன மாதிரி இருக்கும்.

கடைசியாக ஒரு தேதி. "மூணு வாரம் கழிச்சு இதே மாதிரி ஆறு கணக்கு குடுத்துப் பார்த்துட்டு உங்களுக்குச் சொல்றேன்." தேதியை உங்கள் அட்டையிலும் ஒரு துண்டுத் தாளிலும் எழுதி, துண்டுத் தாளை அவரிடம் கொடுங்கள்.

எழுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி, எனக்கு மிகவும் பிடித்தது: "வீட்டுக்குப் போனதும் அவன்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?" பேசியதில் அவருக்கு எது தங்கியது என்பது இதில் தெரிந்துவிடும். "நல்லாப் போடுற, ஆனா கேள்வியைக் கதையாச் சொல்லிட்டுப் போடணும்னு சொல்றேன்" என்றால் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. "கேள்வியை ஒழுங்காப் படிக்க மாட்டியான்னு கேட்கப்போறேன்" என்றால் பலம் காதில் விழவில்லை, தாளை எடுத்து அந்த ஆறு சரியான கணக்கை இன்னொரு முறை காட்டுங்கள், அரை நிமிடம் போதும். "ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு சொல்றேன்" என்றால் கவலையை நீங்கள் பூசி மெழுகிவிட்டீர்கள்.

திட்டம் கலைகிற இடங்கள்

பெற்றோர் முதல் இரண்டு நிமிடத்திலேயே கனமான ஒன்றைக் கொண்டுவரலாம். பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள், வீட்டில் ஒரு இழப்பு, ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான், இப்படி ஏதாவது. அப்போது உங்கள் அட்டையை மூடி வையுங்கள். வாக்கியக் கணக்கு இன்னொரு நாள் வரும். அவர் சொல்வதைக் கேட்டு, எழுதிக்கொண்டு, யாரிடம் இதைச் சொல்லப்போகிறீர்கள், எப்போது திரும்பப் பேசுவீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்லி அனுப்புங்கள். "இதுக்குப் பத்து நிமிஷம் போதாது, தனியா உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்வதில் தப்பே இல்லை, நாளும் நேரமும் அங்கேயே குறித்தால்.

இதையே திருப்பிப் போட்டால், உங்களிடம் கனமான செய்தி இருந்தால் அதைப் பத்து நிமிடச் சந்திப்புக்கு எடுத்து வைக்காதீர்கள். தேர்ச்சியே சந்தேகம், பெரிய ஒழுங்குப் பிரச்சினை என்கிற மாதிரி விஷயங்களைப் பெற்றோர் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. முன்பே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. "வகுப்பில் இவன் எத்தனையாவது?", "இவன் அக்காவும் உங்களிடம்தானே படித்தாள், அவள் எப்படி இருந்தாள்?" என்று கேட்பார்கள். அதில் இறங்கினால் மீதி நேரம் இன்னொரு பிள்ளையைப் பற்றிப் போய்விடும். "அவனோட போன மாசத் தாளையும் இந்த மாசத் தாளையும் காட்டுறேன்" என்று அவனையே அவனோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். இதற்காகப் பழைய தாள் ஒன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

சில பெற்றோர் கவலையைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை அங்கேயே திட்டத் தொடங்குவார்கள். பிள்ளை உடன் வந்திருந்தால் ஆரம்பத்திலேயே அவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: அந்த ஆறு கணக்கில் எது சுலபமாக இருந்தது, எது குழப்பியது என்று அவன் வாயால் சொல்லட்டும். அவனே சொன்ன குழப்பத்தைத் திட்டுவது பெரும்பாலான பெற்றோருக்குக் கொஞ்சம் கஷ்டம். பெற்றோருக்கு உங்கள் மொழி தெரியாவிட்டால் மட்டும் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் குறையைத் தானே சொல்ல வேண்டிய நிலையில் எந்தக் குழந்தையும் முழுதாகச் சொல்லாது, வேறு பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கவலையே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக ஒரு குறையைத் தேடிப் பிடிக்க வேண்டாம். அந்த மூன்று நிமிடத்தில் அடுத்து எதை முயன்று பார்க்கலாம் என்று பேசுங்கள். பலம் எழுத வேண்டிய வரியில் பேனா நின்றுவிடுகிற பிள்ளைகளும் உண்டு. அது அவர்களிடம் பலம் இல்லை என்பதால் இல்லை, நாம் அவர்களை இதுவரை குறைக்காக மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பதால். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே அட்டைகளை எழுதத் தொடங்கினால் அந்த வரி காலியாக இருப்பது தெரிந்துவிடும், அந்த ஒரு வாரம் அந்தப் பிள்ளையை வகுப்பிலும் விளையாடும் இடத்திலும் வேண்டுமென்றே கவனித்தால் எழுத ஏதாவது கட்டாயம் கிடைக்கும்.

மூன்று வாரம் கழித்துச் சொல்லும் செய்தியையும் இதே வரிசையில் எழுதுங்கள், இரண்டு மூன்று வாக்கியம் போதும்: "ஆறு கணக்கில் இந்த முறை நான்கு சரி. கதையாகச் சொல்லிவிட்டுப் போட்ட நான்கும் சரியாக வந்திருக்கின்றன, சொல்லாமல் போட்ட இரண்டு தப்பு. இன்னும் மூன்று வாரம் இப்படியே தொடரலாம், வீட்டில் வேறு ஏதாவது கவனித்தால் எழுதுங்கள்."